நான்கு மணித்தியாலத்தில் ரிப்போர்ட்: சொன்ன நேரத்தையும் வந்த நேரத்தையும் ஒப்பிடுவது எப்படி?

வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் இரத்தச் சேகரிப்பு நிலையத்துக்கு ஓர் அம்மா வந்தார். மகனுக்கு மூன்று நாள் காய்ச்சல். டெங்குவாக இருக்குமோ என்ற பயம். இரத்த அணுக்களை எண்ணும் எஃப்பிசி பரிசோதனைக்காகப் பகல் 12.40க்கு இரத்தம் எடுத்தோம். மாலை 6 மணிக்கு டொக்டரிடம் சனல். "தம்பி, நாலு மணித்தியாலம் என்றுதானே சொன்னீர்கள்?" என்று அவர் வந்து கேட்டபோது ரிப்போர்ட் இல்லை. அது இரவு 8 மணிக்குத்தான் வந்தது. மாத அறிக்கையோ எஃப்பிசி சராசரியாக மூன்றரை மணித்தியாலத்தில் முடிகிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் பிறகுதான் அறிக்கையை நானே எக்செல்லில் செய்யத் தொடங்கினேன்.

முதலில் ஒரு மாதிரிக்கு ஒரு வரி என்று வைத்துக்கொண்டு ஆறு நிரல்களை நிரப்புங்கள். A பில் இலக்கம், B பரிசோதனை, C இரத்தம் எடுத்த நேரம், D பிரதான ஆய்வுகூடத்துக்கு மாதிரி போய்ச் சேர்ந்த நேரம், E ரிப்போர்ட் வெளியான நேரம், F நாம் வாக்களித்த நேரம். நேரத்துடன் திகதியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நள்ளிரவைத் தாண்டிய மாதிரிகள் கணக்கைக் குழப்பிவிடும். E நிரலில் இயந்திரம் முடிவைத் தந்த நேரத்தைப் போடாதீர்கள். தொழில்நுட்பவியலாளர் சரிபார்த்து வெளியிட்ட நேரம்தான் நோயாளிக்கு உரியது. இரத்தம் உறைந்துபோய் மறுபடி எடுத்திருந்தால், C நிரலில் முதல் தடவை குத்திய நேரமே நிற்கட்டும்.

வாக்குறுதி பரிசோதனைக்குப் பரிசோதனை வேறுபடும். எங்களிடம் எஃப்பிசிக்கு நான்கு மணித்தியாலம். தைரொய்ட் பரிசோதனையான டிஎஸ்எச்சுக்கு மறுநாள் மாலை 5 மணி. F நிரலில் இவற்றை இப்படி எழுதலாம்:

```
=C2+4/24
=INT(C2)+1+17/24
```

சிறுநீர் கல்ச்சரை மட்டும் இரண்டாகப் பிரியுங்கள். கிருமி வளராவிட்டால் முடிவு முன்னதாகவே வந்துவிடும். வளர்ந்தால், எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று பார்க்க இன்னொரு நாளாவது வேண்டும். இரண்டையும் ஒரே கெடுவில் அடைத்தால், ஒழுங்காக வேலை செய்தவர்களைத் தாமதக்காரர்கள் ஆக்கிவிடுவோம்.

அடுத்து G நிரலில் எடுத்துக்கொண்ட நிமிடங்கள், H நிரலில் சொன்ன நேரத்துக்குள் வந்ததா என்பது:

```
=IF(E2="","",ROUND((E2-C2)*1440,0))
=IF(E2="",IF(NOW()>F2,0,""),IF(E2<=F2,1,0))
```

இரண்டாவது சூத்திரம் ஏன் இவ்வளவு நீளம்? நான் முதலில் `E2<=F2` என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். எக்செல் வெற்றுக் கலத்தைப் பூச்சியமாக எடுத்துக்கொள்ளும். ஆகவே இன்னும் வராத ரிப்போர்ட் எல்லாம் "நேரத்துக்கு வந்தது" என்று பதிவாகிவிட்டது! ஒரு வாரம் முழுக்க அந்தப் பொய்யை நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த அம்மா வந்த நாளின் பத்து எஃப்பிசிகளைப் பாருங்கள். நிமிடங்களில்: 130, 140, 150, 155, 160, 165, 170, 180, 410, 440. கூட்டினால் 2100, சராசரி 210. வாக்களித்தது 240 என்பதால் எல்லாம் நலம்போலத் தெரியும். ஆனால் சொன்ன நேரத்துக்குள் வந்தவை பத்தில் எட்டுத்தான். எட்டுப் பேருக்குச் சீக்கிரம் வந்தது, காத்திருந்த இரண்டு பேரின் கணக்கை மூடிவிட்டது. அதனால் சராசரியை நான் அறிக்கையின் தலைப்பில் வைப்பதில்லை. இந்த விகிதத்தைத்தான் வைக்கிறேன்:

```
=AVERAGEIFS(H:H,B:B,"FBC")
```

தாமதமான வரிகளை மட்டும் வடிகட்டி, D நிரலிலிருந்து C நிரலைக் கழியுங்கள். ஒன்று 12.40க்கும் மற்றது 1.10க்கும் எடுத்தவை, இரண்டும் ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது மாலை 6.05க்கு. அங்கிருந்து ரிப்போர்ட் வெளியாக 115 நிமிடம். நான் ஆய்வுகூடத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் மாதிரிகள் எங்கள் மேசையிலேயே கிடந்திருக்கின்றன. நண்பகல் 12 மணிக்கு மோட்டார் சைக்கிளில் மாதிரி எடுத்துப் போகும் பையன் மறுபடி வருவது மாலை 5 மணிக்கு. அதன் பிறகு காலி வீதி நெரிசல் வேறு.

பிற்பகல் 2 மணிக்கு இன்னொரு நடை வேண்டும் என்று அறிக்கையோடு சேர்த்துக் கேட்டிருக்கிறேன். அது கிடைக்கும்வரை, 12 மணிக்குப் பின் எடுக்கும் எஃப்பிசியின் பில்லில் "இரவு 8.30" என்று எழுதிக் கொடுக்கிறோம். F நிரலிலும் அதே நேரம்தான்.