மறுவிற்பனை வீட்டுக்கு மாற்று விலை சொல்வது எப்படி? முதல்முறை வாங்குவோருக்கு

சிங்கப்பூரில் விற்பவர் ஒருவர் தம் நாலறை வீவக வீட்டுக்கு 585,000 வெள்ளி கேட்கிறார். வீடு பிடித்திருக்கிறது, விலைதான் இடிக்கிறது. தேக்கா சந்தையில் மீன் வாங்குவதுபோல் “கடைசி விலை சொல்லுங்க” என்று ஆரம்பித்தால், பதிலுக்கு ஓர் எண்தான் வரும். அந்த எண்ணில் எங்கே நெகிழ்வு இருக்கிறது என்பது தெரியாமலே போய்விடும். விற்பவரோடு சேர்ந்து கணக்குப் பார்க்கும் தொனியில் மாற்று விலையை எப்படி வைப்பது என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. நடைமுறைகள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவகவின் விதிப்படி.

படி 1: விலைக்கு ஆதாரம் தேடுங்கள்

வீவக இணையவாசலில் மறுவிற்பனைப் பதிவுகளைப் பாருங்கள். அதே புளோக், பக்கத்துப் புளோக்குகள், அதே அளவு வீடு, கடைசி ஆறு மாதம். மாடி எண் மூன்று மூன்றாகத் தொகுத்துப் போட்டிருக்கும்: 4 முதல் 6, 7 முதல் 9 என்று. எஞ்சிய குத்தகைக் காலமும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். பத்து ஆண்டு கூடுதல் பழைய புளோக்கோடு ஒப்பிட்டால் உங்கள் வாதம் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

நம் உதாரணத்தில் மூன்று விற்பனைகள் கிடைக்கின்றன: 5ஆம் மாடியை ஒட்டி 548,000, 8ஆம் மாடியை ஒட்டி 560,000, 11ஆம் மாடியை ஒட்டி 575,000. நாம் பார்த்த வீடு 8ஆம் மாடி. ஆகவே பேச்சு 560,000ஐச் சுற்றித்தான் நடக்க வேண்டும்.

படி 2: உச்சவரம்பை ரொக்கத்திலிருந்து கணக்கிடுங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. வீட்டின் அதிகாரபூர்வ மதிப்பு பேரம் பேசும்போது யாருக்கும் தெரியாது. விலை பேசி முடித்து, விற்பவர் ஓடிபி எனும் வாங்கும் உரிமைப் பத்திரத்தைக் கொடுத்த பிறகுதான் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். பேசிய விலை மதிப்பைவிடக் கூடினால், அந்த வித்தியாசத்துக்குக் கடனும் கிடைக்காது, மத்திய சேமநிதிப் பணத்தையும் தொட முடியாது. முழுக்க ரொக்கம்.

எனவே “எவ்வளவு கடன் கிடைக்கும்” என்பதிலிருந்து உச்சவரம்பு வராது. மதிப்பு எவ்வளவு குறைவாக வரக்கூடும் என்று ஊகித்து, அதோடு நீங்கள் ஒதுக்கிய ரொக்கத்தைக் கூட்டுங்கள். இங்கே மதிப்பு 555,000 வரை இறங்கலாம் என்று வைத்துக்கொண்டால், கையில் 10,000 இருப்பவரின் உச்சவரம்பு 565,000. முன்பணம், முத்திரை வரி, வழக்கறிஞர் செலவு எல்லாம் இந்தப் பத்தாயிரத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

இந்த எண்ணை விற்பவரின் முகவரிடம் சொல்லாதீர்கள். சிங்கப்பூர்ச் சட்டப்படி ஒரே விற்பனையில் ஒரு முகவர் இருதரப்புக்கும் செயல்பட முடியாது. அவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் விற்பவரின் ஆள்தான். நீங்கள் சொன்னதை விற்பவரிடம் சேர்ப்பது அவர் வேலை.

படி 3: எண்ணைச் சொல்லுமுன் தேவையைக் கேளுங்கள்

வீடு பார்க்கும்போதே, “எப்போ மாறணும்னு நினைச்சிருக்கீங்க?”, “அடுத்த வீடு தயாரா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வந்துவிடும். நம் உதாரணத்தில், ஓய்வுபெற்ற தம்பதியர் மூவறை வீடு ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். அங்கே புதுப்பிப்பு வேலை முடிய இரண்டு மாதம் ஆகும். அதுவரை எங்கே தங்குவது, சாமான்களை எங்கே வைப்பது என்பது அவர்கள் கவலை.

விற்பனை முடிந்த பின்னும் அதிகபட்சம் மூன்று மாதம் விற்றவர் அதே வீட்டில் தங்க, நிபந்தனைகளோடு வீவக அனுமதிக்கிறது. வாங்குபவர் சம்மதிக்க வேண்டும். உங்களுக்கு அவசரம் இல்லையென்றால் இந்தச் சம்மதத்துக்குச் செலவு குறைவு. அவர்களுக்கோ வாடகையும் இருமுறை சாமான் ஏற்றும் கூலியும் மிச்சம். விலையில் நீங்கள் கேட்கும் குறைப்புக்கு ஈடாகக் கொடுக்க ஒன்று கிடைத்துவிட்டது.

படி 4: செய்தியை எழுதுங்கள்

தொலைபேசியில் பேசினாலும், எண்ணை எழுத்தில் அனுப்புங்கள். வீட்டில் நான்கு பேர் கூடி முடிவெடுக்கும்போது உங்கள் வார்த்தை திரியாமல் இருக்கும். வாட்ஸ்அப்பில் இப்படி:

> அங்கிள், வணக்கம். சனிக்கிழமை வீட்டைக் காட்டினதுக்கு நன்றி. எங்க ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்கு. பக்கத்துப் புளோக்ல இதே மாடி அளவு வீடு 560,000க்குப் போயிருக்கு. சமையலறையும் ஒரு குளியலறையும் நாங்க மாத்த வேண்டியிருக்கும். அதையெல்லாம் பார்த்து 556,000 சொல்றோம். புது வீட்டு வேலை முடியறவரைக்கும் ரெண்டு மாசம் நீங்க இங்கேயே இருக்கலாம், எங்களுக்குச் சம்மதம். எங்க வீட்டுத் தகுதிக் கடிதம் தயாரா இருக்கு. ஆன்ட்டிகிட்டயும் பேசிட்டு, உங்களுக்கு எப்படிப் படுதுன்னு வியாழக்கிழமைக்குள்ள சொல்றீங்களா?

சமையலறையைப் பற்றி “நாங்க மாத்த வேண்டியிருக்கும்” என்று நம் செலவாகத்தான் சொல்லியிருக்கிறோம். “சமையலறை ரொம்பப் பழசு” என்றால் அது இருபது வருடம் அங்கே சமைத்தவரைக் குறை சொல்வதாகப் படும். அதேபோல, அந்தப் புளோக்கில் சீனருக்கு வீவக வகுத்த இன விகிதாசார வரம்பு நிரம்பியிருந்தால் இந்திய உரிமையாளர் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் வட்டம் சிறுத்துவிடும். அது அவருக்கும் தெரியும். எடுத்துச் சொல்லி அழுத்த வேண்டாம். 556,000இல் தொடங்க நமக்குத் துணிவு தருவதோடு அதன் வேலை முடிந்தது.

ஏன் 540,000 இல்லை? ஐந்தாம் மாடி வீடே அதைவிடக் கூடுதலாக விற்றிருக்கிறது. ஆதாரம் காட்ட முடியாத எண்ணைச் சொன்னால், அடுத்து நீங்கள் காட்டும் ஆதாரத்தையும் நம்ப மாட்டார்கள்.

படி 5: பதில் வந்தபின்

அவர்கள் 572,000க்கு இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உடனே நடுவில் வெட்டி 564,000 என்று சொல்லிவிடத் தோன்றும். சொன்னால் அடுத்த நடு 568,000; உச்சவரம்பு தாண்டிவிடும். 561,000 சொல்லி, எதனால் ஏறினீர்கள் என்பதையும் சேருங்கள்: “வரவேற்பறை அலமாரியை விட்டுட்டுப் போறதா சொன்னீங்க, அதைச் சேர்த்துப் பார்த்தோம்.” அடுத்த ஏற்றம் இன்னும் சிறிதாக, 564,000. ஏற்றம் ஐந்திலிருந்து மூன்றாயிரமாகச் சுருங்குவதே எல்லை நெருங்கிவிட்டதைச் சொல்லிவிடும். அதற்கு மேலும் கேட்டால்: “அங்கிள், மதிப்பு குறைஞ்சு வந்தா ரொக்கமா கட்ட எங்ககிட்ட அவ்வளவுதான் இருக்கு.” இது உண்மை என்பதால் அழுத்தமாகச் சொல்லலாம், கோபமும் வராது.

விலையில் ஒரு பகுதியைக் கணக்கில் காட்டாமல் கையில் கொடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வீவகவிடம் அறிவிக்கும் விலை உண்மையான விலையாக இருக்க வேண்டும்.

படி 6: ஒப்புக்கொண்ட அன்றே

வாய்ப்பேச்சும் வாட்ஸ்அப்பும் விற்பவரைக் கட்டுப்படுத்தாது. ஓடிபி வந்தால்தான் வீடு உங்களுக்காக நிற்கும். அதற்கான கட்டணம் 1 முதல் 1,000 வெள்ளிக்குள் இருதரப்பும் பேசிக்கொள்வது. கிடைத்த அடுத்த வேலைநாளுக்குள் மதிப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள், 120 வெள்ளி. முடிவு சொல்ல 21 நாள் இருக்கிறது, வாரயிறுதி உட்பட. விலை 564,000இல் முடிந்து, மதிப்பு 555,000 என்று வந்தால் 9,000 ரொக்கம். ஒதுக்கிய பணத்துக்குள் அடங்கிவிடும். 545,000 என்று வந்தால் 19,000. அப்போது ஓடிபியைக் காலாவதியாக விடலாம், கொடுத்த கட்டணம் திரும்பாது. அதனால்தான் அதை 1,000க்குப் பதில் 500 ஆகப் பேசி வைப்பது முதல்முறை வாங்குவோருக்கு நல்லது.