மிசோஃபோனியா: காதுக் குறை என்றும் அடம் என்றும் நினைக்கும் தவறு

என் அக்கா மகளுக்குப் பன்னிரண்டு வயது. மிக்ஸி ஓடும்போதுகூட பக்கத்திலேயே உட்கார்ந்து படிப்பாள். ஆனால் ராத்திரி அவள் அப்பா அப்பளத்தை நொறுக்கினால் போதும், முகம் சிவந்துவிடும், கை விரல்கள் இறுகும், தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவாள். காது ரொம்பக் கூர்மையாக இருக்கிறதோ என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டினார்கள். ஆடியோகிராமில் இரண்டு காதும் 15 டெசிபலுக்குள், நல்ல செவி. உடனே வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள்: "ஒண்ணுமில்ல, அடம்."

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். அவளுக்கு இருப்பது மிசோஃபோனியா: குறிப்பிட்ட சில சத்தங்களைக் கேட்டாலே தாங்க முடியாத எரிச்சலும் கோபமும் எழும் நிலை. எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்பதைத்தான் ஆடியோகிராம் சொல்லும். கேட்ட பிறகு மூளைக்குள் என்ன நடக்கிறது என்பது அதில் தெரியாது. 2017இல் இங்கிலாந்தின் நியூகாசில் ஆய்வாளர்கள் மிசோஃபோனியா உள்ளவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். மெல்லும் சத்தம் கேட்டதும் உணர்ச்சியோடு தொடர்புள்ள இன்சுலா என்ற பகுதி மற்றவர்களைவிட மிக அதிகமாகத் தூண்டப்பட்டது, இதயத் துடிப்பும் ஏறியது. குழந்தை வீறிடும் சத்தத்துக்கு அந்த வித்தியாசம் இல்லை. மிக்ஸி தொந்தரவு செய்யாததும் இதனால்தான். சத்தம் பெரிதா என்பதல்ல, எந்தச் சத்தம், யாரிடமிருந்து வருகிறது என்பதே விஷயம். பேனாவைத் தட்டுவது, மூக்கை உறிஞ்சுவது போன்றவையும் இப்படித்தான்.

எந்தச் சத்தமானாலும் கொஞ்சம் பெரிதானாலே காது வலிக்கிறது, குறுகுறுக்கிறது என்றால் அது ஹைப்பரகூசிஸ், வேறு பிரச்சினை. இன்னொன்றையும் நாம் கவனிக்காமல் விடுகிறோம். தாத்தா "என்ன? சத்தமா சொல்லு" என்பார், குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் "ஏன் கத்தற?" என்று எரிந்து விழுவார். அவருக்குக் கோபம் அதிகம் என்று ஒதுக்கிவிடுகிறோம். உட்செவி பழுதானால் மெல்லிய ஒலி கேட்காது, பெரிய ஒலியோ சட்டென்று தாங்க முடியாததாகிவிடும். உண்மையான செவிக்குறை அவருக்குத்தான் இருக்கலாம், பரிசோதனை அவருக்குத்தான் அவசரம். ஒரு காது திடீரென்று மந்தமானால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்; நாள் கடந்தால் திரும்பக் கேட்கும் வாய்ப்பு குறையும்.

"பழகட்டும்" என்று வேண்டுமென்றே குழந்தையின் எதிரில் மென்று காட்டுவது கொடுமை. வெறுப்பு அதிகமாகும், அப்பா மேலும் அது படியும். நாள் முழுக்கக் காதடைப்பானை மாட்டிவிடுவதும் சரியல்ல. மௌனத்துக்குப் பழகிய செவிக்குச் சின்ன ஒலியும் பெரிதாகக் கேட்கத் தொடங்கும்.

அக்கா வீட்டில் இப்போது சாப்பிடும்போது ஃபேனை வேகமாக வைத்து, மெல்லிதாகப் பாட்டும் போடுகிறார்கள். அவள் அப்பாவுக்கு எதிரே உட்காருவதில்லை. வாய் அசைவதைப் பார்ப்பதே அவளுக்குப் பாதி வேதனை. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை தரும் உளவியலாளரிடமும் போகிறாள். போன வாரம் ரசம் சாதம் வரைக்கும் எழுந்திருக்காமல் சாப்பிட்டாள். அப்பளம் மட்டும் இன்னும் தனியாக, அவள் கை கழுவிய பிறகு.