கருவளையத்துக்கு கிரீம் வாங்கும் முன் கண்ணாடியில் மூன்று சோதனைகள்

கண்ணுக்குக் கீழே கறுப்பாகத் தெரிவதெல்லாம் ஒன்றல்ல. தோலில் படிந்த நிறமாக இருக்கலாம், மெல்லிய தோலுக்கு அடியில் தெரியும் ரத்தக்குழாயாக இருக்கலாம், அல்லது பள்ளத்தில் விழும் வெறும் நிழலாகவும் இருக்கலாம். பலருக்கு இரண்டு மூன்றும் கலந்தே இருக்கும். கிரீம் நன்றாகக் கை கொடுப்பது முதல் வகைக்குத்தான். அதனால் உங்களுடையது எது என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஒரு கைக்கண்ணாடி போதும்.

முதல் படி: வெளிச்சம். காலையில் முகம் கழுவி, மை துடைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். டியூப்லைட்டுக்கு நேர் கீழே நின்று பார்க்காதீர்கள். மேலிருந்து விழும் வெளிச்சம் யாருக்கும் கண்ணுக்குக் கீழே நிழல் போடும்.

இரண்டாவது படி: இழுத்துப் பார்ப்பது. கீழ் இமைத் தோலை விரலால் மெதுவாகக் கன்னத்துப் பக்கம் இழுங்கள். பழுப்பு அப்படியே தோலோடு நகர்ந்தால் அது நிறமி. நீலமோ ஊதாவோ இன்னும் தூக்கலாகத் தெரிந்தால் ரத்தக்குழாய்.

மூன்றாவது படி: அண்ணாந்து பார்ப்பது. தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணாடியை முகத்துக்கு மேலே பிடியுங்கள். வெளிச்சம் பள்ளத்துக்குள் நேராக விழும். கறுப்பு காணாமல் போனால் அது நிழல். மிச்சம் இருப்பதுதான் உண்மையான நிறம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் அண்ணிக்கு இப்படித்தான் பார்த்தோம். வயது முப்பத்தெட்டு, வீட்டிலேயே தையல். மூக்கோரத்திலிருந்து கன்னம் நோக்கி இறங்கும் கோடு, அண்ணாந்ததும் மறைந்தது. மேல் இமையிலும் கீழ் இமை ஓரத்திலும் இருந்த பழுப்பு மட்டும் அப்படியே நின்றது. "எனக்கு ரெண்டும் இருக்கா தம்பி?" என்றார். கேட்டுக்கொண்டே புறங்கையால் கண்ணைத் தேய்த்தார்! துணித்தூசு ஒத்துக்கொள்ளாமல் காலையில் தும்மலும் கண் அரிப்பும் அவருக்கு வழக்கம். தேய்க்கத் தேய்க்க அந்த மெல்லிய தோல் கறுக்கும். ஆகவே அவருக்கு முதல் மருந்து கிரீம் அல்ல, அலர்ஜிக்கு டாக்டர் தந்த மாத்திரையும் கண் சொட்டு மருந்தும்தான்.

நான்காவது படி: நிறமிக்கு என்ன போடுவது. பகலில் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன். கண்ணருகே ஜிங்க் ஆக்சைடு வகை எரிச்சல் குறைவு. நம் ஊர்க் கடலோர வெயிலில் இதை விட்டுவிட்டு இரவில் எது தடவினாலும் வீண். இரவில் நியாசினமைடு என்ற வைட்டமின் பி3 வகை 4 அல்லது 5 சதவீதம் உள்ள கிரீம், இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு. கண்குழியின் எலும்பு கைக்குத் தட்டுப்படும் இடத்தோடு நிறுத்திவிடுங்கள், இமை முடி வரை கொண்டு போக வேண்டாம். வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் கிரீமும் சேர்ப்பதென்றால் வாரம் இரண்டு இரவு போதும். கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. எரிந்து சிவந்தால் நிறுத்திவிடுங்கள், எரிச்சலே புதுக் கறுப்பைக் கொண்டுவரும்.

பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதே ஜன்னல், அதே நேரம் என்று மாதம் ஒரு படம் எடுத்து வையுங்கள். அண்ணிக்குப் பழுப்பு வெளுத்தது, முழுதாகப் போகவில்லை. கோடு இருந்தபடியே இருக்கிறது.

ஒரே வாரத்தில் பளிச்சென்று வெளுத்தால் சந்தேகப்படுங்கள். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கை மாறும் சில "மங்கு கிரீம்"களில் ஸ்டீராய்டு இருக்கும். டியூபின் பின்னால் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது போட்டிருக்கிறதா பாருங்கள். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து ரத்தக்குழாய் வெளியே தெரியும், பழுப்பு போய் ஊதா வரும். கண்ணுக்குள் அழுத்தமும் ஏறலாம்.

நீலமும் ஊதாவும் இருப்பவர்களுக்குக் கஃபீன் கிரீம் சில மணி நேரம் வீக்கத்தைக் கொஞ்சம் வற்ற வைக்கும், அவ்வளவுதான். முகமே வெளிறி, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.

பள்ளம் மட்டும் எந்த கிரீமுக்கும் மசியாது. வயது ஏற ஏறக் கொழுப்பும் எலும்பும் குறைந்து உண்டாகும் குழி அது. சிலருக்கு முக அமைப்பே அப்படி. டப்பாவில் ஹயலூரானிக் ஆசிட் என்று பார்த்துவிட்டு, டாக்டர்கள் ஊசியில் போடும் ஃபில்லரும் இதுதானே என்று கேட்கிறார்கள். பெயர் ஒன்றுதான், ஆனால் மேலே தடவுவது தோலில் ஈரம் பிடித்து வைப்பதோடு சரி, குழியை நிரப்பும் ஆழத்துக்குப் போகாது. ஊசியில் போட்டால் நிரம்பும், நாளடைவில் கரையும். தோலுக்கு மிக அருகில் போட்டுவிட்டால் நீலமாகத் தெரியும். அபூர்வமாக ரத்தக்குழாய்க்குள் போனால் பார்வையே போகலாம். எனவே பார்லரில் போட்டுக்கொள்ளவே கூடாது. தோல் டாக்டரிடமோ பிளாஸ்டிக் சர்ஜனிடமோ போங்கள். ரத்தக்குழாய் அடைத்தால் கரைக்கும் ஊசியான ஹயலூரானிடேஸ் கைவசம் இருக்கிறதா என்று கேட்ட பிறகே உட்காருங்கள்.