டர்பன் கடைக் கணக்கேட்டில் 7/6 வந்தால்

தென்னாப்பிரிக்காவில் 14 பிப்ரவரி 1961க்கு முந்தைய ஏடுகள் பவுன், ஷில்லிங், பென்னியில் இருக்கும். 7 ஷில்லிங் 6 பென்னியை "7/6" என்றே எழுதியிருப்பார்கள். அதை அப்படியே எக்செல்லில் தட்டினால் தேதியாக மாறிவிடும். கூட்டலில் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என ஏறி நிற்கும். அதனால் தொகைக்கு மூன்று பத்திகள் தேவை.

A: ஸ்கேன் பக்க எண், B: தேதி, C: விவரம், D: பவுன், E: ஷில்லிங், F: பென்னி. "மேற்படி" குறி உள்ள வரிகளிலும் தேதியை 1958-03-12 என்று முழுதாக எழுதுங்கள். பிறகு வரிசைப்படுத்தும்போது அதுதான் காப்பாற்றும். கடன் வரவானால் மூன்றிலும் கழித்தல் குறி.

G2இல் எல்லாவற்றையும் பென்னியாக்கிய தொகை, H2இல் ஓடும் கூட்டல்:

```
=D2*240+E2*12+F2
=SUM(G$2:G2)
```

இரண்டையும் கீழே இழுத்துவிடுங்கள். 2 பவுன் 15 ஷில்லிங் 9 பென்னி என்றால் 669 பென்னி. அடுத்த வரி 1-7-6, அதாவது 330. ஓடும் கூட்டல் 999, திருப்பினால் 4-3-3. ரேண்டு வேண்டுமானால் 120ஆல் வகுக்கவும்.

பக்கத்தின் தலையில் இருக்கும் "முன்பக்கத் தொகை"யை வரியாக ஏற்றாதீர்கள், இரட்டிப்பாகும். அதைப் பென்னியாக மாற்றி, முந்தைய பக்கத்தின் கடைசி வரியில் I பத்தியில் தனியாக வைத்து H உடன் ஒப்பிடுங்கள். வித்தியாசம் 240இன் மடங்கானால் முதலில் பவுனைப் பாருங்கள். 12இன் மடங்கு மட்டும் என்றால் ஷில்லிங்கை. பெரும்பாலும் மங்கிய 1தான் 7 ஆகியிருக்கும். ஆனால் கடைக்காரரே தப்பாகக் கூட்டியிருக்கவும் கூடும். அங்கே ஏட்டைத் திருத்தாமல் குறிப்பு போடுங்கள்.