‘சரிங்க’ என்றால் ஒப்புக்கொண்டதாக ஆகாது: விசாரணைக் குறிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பல்லடம் பக்கத்து மில் ஒன்றில் ஒரு என்கொயரி. குறிப்பு எழுதிய தம்பி வேலைக்குப் புதுசு. சுத்தப்பிரதி எடுத்துவிட்டு “அண்ணா, ஒருதரம் பார்த்துச் சொல்லுங்க” என்று நீட்டினார். இரண்டாவது வரியிலேயே “தொழிலாளி மழுப்பலாகப் பதிலளித்தார்” என்று இருந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் நான் எழுதிய அதே வார்த்தை. தேதி போடுங்கள், பக்க எண் போடுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதைத் தாண்டி நடக்கிற தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கேள்வியை விட்டுவிட்டு பதிலைச் சுருக்கி எழுதுவது

ஒரு ஸ்பின்னிங் மில். இரவு ஷிஃப்ட்டில் அதிகாலை 3.10-க்கு ரிங் ஃபிரேம் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார் என்று மெஷின் பார்க்கும் தொழிலாளியான ஒரு சைடர் மேல் சார்ஜ் ஷீட். குறிப்பு எழுதியது நான். என் ரஃப் நோட்டில் இருந்தது இது:

கேள்வி: சூப்பர்வைசர் வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தீர்களா?
பதில்: தலை சுத்துதுன்னு மேஸ்திரிகிட்ட சொல்லிட்டுத்தான் உட்கார்ந்தேனுங்க. கண்ணு அசந்திருந்தாலும் இருக்கும்ங்க.
கேள்வி: அப்போ தூங்கியதை ஒத்துக்கொள்கிறீர்கள்?
பதில்: சரிங்க.

சுத்தப்பிரதியில் நான் எழுதியது: “தொழிலாளி தான் பணி நேரத்தில் தூங்கியதை ஒப்புக்கொண்டார். உடல்நிலை சரியில்லை என்று சாக்குச் சொன்னார்.”

இரண்டே வாக்கியம், படிக்கவும் நன்றாக இருந்தது, விசாரணை அதிகாரியும் சுருக்கமாக இருக்கிறது என்று பாராட்டினார். ஆனால் அதில் மேஸ்திரி காணாமல் போய்விட்டார். அந்த ஒரு பெயர் பேப்பரில் இருந்திருந்தால் அடுத்த அமர்வில் அவரைச் சாட்சியாகக் கூப்பிட்டு “உங்களிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தாரா” என்று கேட்டிருப்பார்கள். பேப்பரில் இல்லாததால் யாருக்கும் ஞாபகம் வரவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. “இருந்தாலும் இருக்கும்” என்ற சந்தேகப் பேச்சு “தூங்கினேன்” என்ற உறுதிப் பேச்சாக மாறிவிட்டது. “சாக்கு” என்பது அவர் வாயில் வந்த வார்த்தையே இல்லை, என் முடிவு.

எல்லாவற்றையும் விட மோசம் அந்த “சரிங்க”. நம்ம ஊரில் பெரியவர்கள், முதலாளி, ஆபீசர் யார் எதைச் சொன்னாலும் முதலில் வாயில் வருவது சரிங்கதான். திட்டினாலும் சரிங்க, கேள்வி காதில் விழுந்தது என்பதற்கும் சரிங்க. அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள எழுதுகிறவனுக்கு உரிமை கிடையாது. அந்த இடத்தில் விசாரணை அதிகாரி பேனாவை நிறுத்தச் சொல்லி, “தூங்கினேன் என்கிறீர்களா, கேள்வி புரிந்தது என்கிறீர்களா?” என்று கேட்டு, அந்தக் கேள்வியையும் வருகிற பதிலையும் எழுத வைக்க வேண்டும்.

தொழிலாளியிடம் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கினோம். வேலை போயிற்று. லேபர் கோர்ட்டுக்குப் போனார். அந்தக் காலத்தில் 1947-ஆம் வருடத் தொழில் தகராறு சட்டத்தின் 11ஏ பிரிவின்படி (1971 திருத்தத்தில் வந்தது) கோர்ட் தண்டனையைக்கூட மாற்றலாம், ஆனால் என்கொயரி ஒழுங்காக நடந்திருந்தால் பதிவில் இருப்பதை வைத்துத்தான் பார்க்க முடியும், புதுச் சாட்சி எடுக்க முடியாது. அதனால் என்கொயரியே நியாயமாக நடந்ததா என்பதுதான் முதல் சண்டை. யூனியன்காரர் என் ரஃப் நோட்டைக் கேட்டு வாங்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். விசாரணை செல்லாது என்று ஆகி, நிர்வாகம் கோர்ட்டில் முதலிலிருந்து சாட்சியம் கொண்டுவர வேண்டியதாயிற்று. அதற்குள் மேஸ்திரி வேலையை விட்டு எங்கேயோ போய்விட்டார். நாலு வருடம் கழித்து அந்த சைடர் திரும்ப வேலைக்கு வந்தார். அந்த நாலு வருடமும் அவர் வீட்டில் எப்படி ஓடியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. தம்பிகள் யாராவது “சுருக்கமா எழுதிட்டேன் அண்ணா” என்றால் அந்தக் கோபம்தான் குரலில் வந்துவிடும்.

இப்போது திருத்தி எழுதச் சொன்னால், சுத்தப்பிரதியை ஓரமாக வைத்துவிட்டு ரஃப் நோட்டிலிருந்துதான் ஆரம்பிப்பேன். கேள்வி, பதில் என்று தனித்தனி வரி, வரிசை எண்ணோடு. பதிலை எழுத்துத் தமிழுக்கு மாற்றலாம், அர்த்தம் நகரக்கூடாது: “தலை சுற்றுகிறது என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். கண் அசந்திருந்தாலும் இருக்கும்.” அடுத்த பதில் “சரிங்க” என்று மேற்கோளுக்குள், அவர் சொன்னபடியே. இதில் தொழிலாளிக்குச் சாதகமாக எதையும் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பாவம் என்று நினைத்து “கண் அசந்திருந்தாலும்” என்பதை நைசாக விட்டுவிட்டால் அதுவும் இதே தவறுதான், இந்தத் தடவை எதிர்ப் பக்கத்துக்கு.

பார்த்ததும் நினைத்ததும் ஒரே வாக்கியத்தில்

“திணறினார்”, “திமிராகப் பேசினார்”, “நடித்தார்”. இவை எல்லாம் எழுதுகிறவரின் மனசு. கண்ணால் பார்த்ததை எழுதலாம், அது தேவைப்படவும் செய்யும்: “பதில் சொல்வதற்கு முன் சுமார் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார்”, “மேஜையைக் கையால் தட்டினார்.” அவரை நம்பலாமா கூடாதா என்பது கடைசியில் விசாரணை அதிகாரி எழுதும் அறிக்கையில் காரணத்தோடு வரவேண்டிய விஷயம். அமர்வுக் குறிப்பில் அதற்கு இடமே கிடையாது.

சூப்பர்வைசர் “கூறினார்”, தொழிலாளி “என்று சமாளித்தார்” என்று வினைச்சொல்லிலேயே பக்கம் சாய்வதும் உண்டு. இரண்டு பேருக்கும் “கூறினார்” போதும்.

“தகாத வார்த்தைகள் பேசினார்”

என்ன வார்த்தை? கூசினாலும் அதை அப்படியே எழுதுங்கள்.

தமிழ் தெரியாத தொழிலாளி

ஒடியாவோ இந்தியோ பேசுகிறவர் என்றால், மொழிபெயர்த்தவர் பெயரும் கையெழுத்தும் வேண்டும். வாசித்துக் காட்டுவதும் அந்தத் தொழிலாளியின் மொழியில்.

கையெழுத்துக்கு அப்புறம் திருத்துவது

திருத்தி எழுதுவது என்று நான் சொன்னதெல்லாம் கையெழுத்து விழுவதற்கு முன்னால். அன்றைக்கே, எல்லோரும் எழுந்து போகும் முன், முழுசாக வாசித்துக் காட்டி, அவர் “இப்படிச் சொல்லலைங்க” என்றால் பழைய வரி படிக்கத் தெரியும்படி ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் இரண்டு தரப்பும் சுருக்கொப்பம் போட வேண்டும். வொயிட்னர் வேண்டாம். பக்கத்தை மாற்றி டைப் செய்வதும் வேண்டாம்.

கையெழுத்தான பிறகுதான் தவறு தெரிகிறது என்றால், அந்தப் பக்கத்தைத் தொடாதீர்கள். அடுத்த அமர்வின் ஆரம்பத்தில், இரண்டு தரப்பும் இருக்கும்போது, “இன்ன தேதிக் குறிப்பில் 7-வது பதில் முழுமையாகப் பதிவாகவில்லை, தொழிலாளி சொன்னது இது” என்று புதிதாக எழுதி, ஒப்புக்கொள்கிறார்களா மறுக்கிறார்களா என்பதையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். பழைய பக்கமும் புதுப் பக்கமும் ரஃப் நோட்டும் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

ரஃப் நோட்டே இல்லை என்றால் ஞாபகத்திலிருந்து நிரப்பக் கூடாது. அந்தச் சாட்சியை மறுபடி கூப்பிட்டு, அதே கேள்வியை மறுபடி கேட்க வேண்டியதுதான். அந்தத் தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் ரஃப் நோட்டை வைத்திருந்தார். “மழுப்பலாக” என்று எழுதிய இடத்தில் உண்மையில் தொழிலாளி சொன்னது “எனக்குத் தெரியலைங்க, ஸ்டோர்ல கேளுங்க” என்பது. ஸ்டோர் கீப்பரைச் சாட்சிப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.