'பரிசீலனையில்' என்றே நின்ற விண்ணப்பம்

முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். பல வாரங்களாக நிலை 'பரிசீலனையில்' என்பதிலிருந்து நகரவேயில்லை. சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதினால், "துறையின் முடிவுக்காகக் காத்திருக்கிறோம்" என்று எல்லோருக்கும் அனுப்பும் ஒரே மாதிரியான பதில் வந்தது. துறைத் தலைவருக்கு எழுதியதற்குப் பதிலே இல்லை. அவர் கையில் இந்த வேலை இருப்பதும் அபூர்வம்தான்.

அப்புறம் துறையின் பக்கத்தில் சேர்க்கை ஒருங்கிணைப்பாளரின் முகவரியைத் தேடி எடுத்தேன். தலைப்பு வரியில் விண்ணப்ப எண், முழுப்பெயர், படிப்பு, சேரும் பருவம். உள்ளே மூன்றே வரி:

"விண்ணப்பத்தை இந்தத் தேதியில் சமர்ப்பித்தேன். அதன்பின் நிலை மாறவில்லை. என் கோப்பு முழுமையாகத் துறைக்கு வந்து சேர்ந்துவிட்டதா?"

'என்ன நிலை?' என்று கேட்டால் 'பரிசீலனையில்' என்றுதான் பதில் வரும். 'முழுமையா?' என்று கேட்டால் யாராவது கோப்பைத் திறந்து பார்த்தாக வேண்டும்.

மறுநாளே பதில்: ஒரு பரிந்துரைக் கடிதம் கோப்பில் இல்லை. பரிந்துரைத்தவர் அதை இணைய விண்ணப்பத்தில் ஏற்றாமல் நேரடியாக மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். அது என் எண்ணோடு சேராமல் பொது அஞ்சல்பெட்டியிலேயே கிடந்திருக்கிறது. ஒருங்கிணைப்பாளர் அதை எடுத்து இணைத்தார். அந்த வாரமே நிலை மாறியது. அப்பாடா!