குழந்தை சாப்பிடுறதுக்கு கிரிக்கெட் வர்ணனை: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

மொதல்ல கணக்க முடிவு பண்ணுங்க. தட்டுல சாம்பார் சாதம் 12 உருண்டைன்னா இலக்கு 12, குழந்தை சேஸ் பண்ற பேட்ஸ்மேன், ஊட்டுற அம்மா பவுலர். முழுங்கினா ஒரு ரன், தலைய திருப்பிக்கிட்டா டாட் பால். நடுவுல இத மாத்தாதீங்க, ஸ்கோர் மேல நம்பிக்கை போச்சுன்னா சுவாரஸ்யமும் போயிடும்.

அடுத்தது குரல். டிவி வேண்டாம், ரேடியோ வர்ணனைய எடுத்துக்கோங்க. டிவில படம் தெரியும், ரேடியோல அப்துல் ஜப்பார் மாதிரி வர்ணனையாளர்கள் பவுலர் எந்த முனையிலேர்ந்து வர்றார், ஃபீல்டர் எங்க நிக்கறார்னு எல்லாத்தையும் வாயாலயே காட்டணும். வீட்ல யாரும் கண்டுக்காத ஒரு விஷயத்துக்கு அந்த முழு விவரமும் அந்த வானொலித் தமிழும் கிடைக்குது பாருங்க, சிரிப்பு அங்கதான் பொறக்குது.

இப்ப ஒரு பந்து:

"சமையலறை முனையிலிருந்து அம்மா. இலக்கு 12, இதுவரை 9 ஓட்டங்கள். கையில் உருண்டையுடன் மெல்ல நெருங்குகிறார்... பேட்ஸ்மேன் வாயைத் திறக்கவில்லை, தலையை இடப்பக்கம் சாய்த்து விட்டுவிடுகிறார். ஓட்டம் இல்லை. ஷார்ட் லெக்கில் பாட்டி, அப்பளத்தோடு காத்திருக்கிறார்."

இதுல ஒரு பொய் கூட இல்ல, கவனிச்சீங்களா? நடந்தது அப்படியே இருக்கு, பாஷை மட்டும்தான் பெருசு. "உருண்டை மைதானத்தை விட்டுப் பறக்கிறது, சிக்ஸர்!"னு அள்ளி விட்டா யாரும் சிரிக்க மாட்டாங்க, ஏன்னா எதுவும் பறக்கல. "நெருங்குகிறார்"னு நிகழ்காலத்துலயே சொல்லுங்க, "நெருங்கினார்"னா முடிஞ்சு போன கதை ஆயிடும், அடுத்து என்னன்னு யாரும் காத்திருக்க மாட்டாங்க. நீங்க சிரிக்கவும் கூடாது, உலகக்கோப்பை ஃபைனல் மாதிரியே முகத்த வச்சுக்கணும்.

வேகம்தான் கஷ்டமான இடம். புதுசா பண்றவங்க மொத உருண்டைக்கே கத்திடுவாங்க, அப்புறம் கடைசி உருண்டைக்கு ஏத்த குரல் இருக்காது. பவுலர் வர்ற வரைக்கும் தாழ்வா, நிதானமா பேசுங்க, முழுங்கினது கண்ணால தெரிஞ்சப்புறம் மட்டும் குரல ஏத்துங்க. இதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, வாய்ல சோறு இருக்கும்போது சிரிச்சா புரையேறும், அதனால மெல்லுற நேரம் முழுக்க நீங்க அமைதியா இருக்கணும்.

முழுங்கினப்புறம் கிடைக்கிற இடைவெளிய தாத்தாகிட்ட கொடுங்க, அவர் நிபுணர். "தொடக்கம் அருமை, ஆனால் கத்திரிக்காய் வந்ததும் கால் நகரவில்லை." குழந்தை முகம் வாடுச்சுன்னா உடனே விமர்சனத்த பவுலர் பக்கம் திருப்பிடுங்க: "உருண்டையின் அளவு சற்று அதிகம்."

ஜெயிச்சதும் ஸ்கோர் வாசிங்க, பாட்டி கொடுத்த அப்பளம் எக்ஸ்ட்ராஸ்ல போகும். அப்புறம் கரண்டிய மைக்கா நீட்டி ஆட்ட நாயகன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, "தண்ணி வேணும்"னு சொன்னா கூட அத அப்படியே வாங்கி, "நாயகன் தண்ணீர் கோருகிறார்"னு நேயர்களுக்கு அறிவிச்சிடுங்க.